அம்புக்குறி சொல்லும் பொருள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு செயல்முறையைப் படிப்படியாக எழுதிய பட்டியலைப் படமாக மாற்றுவது இன்று சில நொடிகளில் முடிகிற வேலை. கணினி பெட்டிகளை வரைகிறது. அவற்றுக்கிடையே அம்புக்குறிகளை இடுகிறது. ஆனால், ஒவ்வோர் அம்புக்குறியும் ஒரு கூற்று என்பதைக் கணினி அறியாது. ‘இதற்குப் பின் இதுவே’ என்று அம்புக்குறி சொல்லும்போது அது உண்மையா என்று பார்க்க வேண்டியவர் படத்தை உருவாக்குபவரே. தென்சென்னைப் புறநகரின் மழைநீர்ப் பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பட்டியலை ஸ்மார்ட்ஆர்ட் படமாக்கும் முறையையும், அதனைத் தனித்தனி வடிவங்களாகப் பிரிக்க வேண்டிய தருணத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

செம்பாக்கத்திலிருந்து கடல்வரை

2021ஆம் ஆண்டு உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் அமைந்துள்ளது செம்பாக்கம். அங்குள்ள ஏரி நிறைந்தால், மிகுநீர் அடுத்தடுத்த ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் கழிமுகத்தில் வங்கக் கடலோடு கலக்கிறது.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் இந்தப் பாதையைப் பற்றி வகுப்பில் விளக்கவிருக்கிறார் எனக் கொள்ளலாம். பவர்பாயிண்ட் மென்பொருளில், ‘ஸ்லைடு’ எனப்படும் காட்சிவில்லை ஒன்றில் அவர் பின்வரும் பொட்டுக்குறிப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறார்:

• செம்பாக்கம் ஏரி
• நன்மங்கலம் ஏரி
• கீழ்க்கட்டளை ஏரி
• நாராயணபுரம் ஏரி
• பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்
• ஒக்கியம் மடுவு
• பக்கிங்காம் கால்வாய்
• கோவளம் கழிமுகம்

பட்டியலில் எட்டு வரிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓர் இடப்பெயர். நீர் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்கிறது என்பது பட்டியலில் எங்கும் இல்லை. அதை மாணவி வாயால் சொல்ல வேண்டும். பொட்டுக்குறி வரிசையைக் காட்டாது. ‘இவை ஓரினத்தைச் சேர்ந்தவை’ என்று மட்டுமே உணர்த்தும். ஆகவே, இங்கு அம்புக்குறி கொண்ட படம் தேவைப்படுகிறது.

பட்டியல் படமாதல்

பட்டியல் உள்ள உரைப்பெட்டிக்குள் சுட்டியை வைத்துச் சொடுக்க வேண்டும். பின்னர் Home தாவலில், Paragraph என்னும் பகுதியில் உள்ள Convert to SmartArt பொத்தானை அழுத்தினால் சில அமைப்புகள் தோன்றும். அவற்றின் கீழே உள்ள More SmartArt Graphics என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுத் தொகுப்பும் திறக்கும். இடப்பக்கம் உள்ள Process என்னும் வகையில் Basic Process என்ற அமைப்பைத் தேர்ந்து OK கொடுத்தால், எட்டு வரிகளும் எட்டுப் பெட்டிகளாகி, இடையில் ஏழு அம்புக்குறிகளுடன் நிற்கும்.

இதன் பயன் உடனே தெரியும். குறையும் உடனே தெரியும். வில்லையின் அகலத்தில் 30 சென்டிமீட்டரைப் படத்திற்கு ஒதுக்கினாலும், எட்டுப் பெட்டிகளும் ஏழு அம்புக்குறிகளும் அதனைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டிக்குக் கிடைப்பது மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான அகலமே. ‘பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்’ போன்ற நீண்ட சொற்கள் அதில் அடங்குவதற்காக மென்பொருள் எழுத்தின் அளவைக் குறைக்கும். ஒரு பெட்டியில் மட்டும் குறைப்பதில்லை. பெட்டிகள் யாவும் ஒரே அளவு எழுத்தைக் கொண்டிருக்க வேண்டும் என்பது இந்த அமைப்பின் விதி. ஆகையால் மிக நீண்ட ஒரு சொல், எட்டுப் பெட்டிகளின் எழுத்தையும் சிறுத்துவிடச் செய்கிறது. சொல் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போவதும் உண்டு. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரால் அந்தப் படத்தைப் படிக்க இயலாது.

இதற்குத் தீர்வு எழுத்தின் அளவைக் கையால் பெரிதாக்குவது அன்று. பட்டியலைத் திருத்துவதே தீர்வு. படத்தைச் சொடுக்கினால் அதன் இடப்பக்க விளிம்பில் ஒரு சிறு அம்புமுனை தோன்றும். அதனை அழுத்தினால் Text Pane என்னும் உரைப்பலகம் திறக்கும். அங்கே பழைய பட்டியல் அப்படியே இருக்கும். நான்கு ஏரிகளும் ஒரே வகைப் பணியைச் செய்கின்றன. எனவே ‘ஏரித் தொடர்’ என்று ஒரு புதிய வரியை மேலே எழுதி, நான்கு ஏரிப் பெயர்களிலும் Tab விசையை அழுத்தினால் அவை அதன் உட்பிரிவுகளாகும். தவறாக உள்ளே போன வரியை Shift+Tab வெளியே கொண்டுவரும். அடுத்த வரியைச் ‘சதுப்புநிலம்’ எனச் சுருக்கலாம். பள்ளிக்கரணை என்பதை உட்பிரிவாக வைக்கலாம்.

இப்போது பட்டியல் இவ்வாறு அமையும்:

• ஏரித் தொடர்
 – செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம்
• சதுப்புநிலம்
 – பள்ளிக்கரணை
• ஒக்கியம் மடுவு
• பக்கிங்காம் கால்வாய்
• கோவளம் கழிமுகம்

எட்டுப் பெட்டிகள் ஐந்தாகக் குறைந்தன. ஒவ்வொரு பெட்டியும் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் அகலம் பெறுகிறது. எழுத்தும் தானாகவே வளர்கிறது. எட்டு நிலைகளையும் தனித்தனியே காட்டியே ஆக வேண்டும் என்றால், ஒரே வரிசையை விட்டுவிட்டு, வரிசைகளாக மடிந்து செல்லும் Basic Bending Process என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

உரைப்பலகத்தில் ஒரு வரியின் முன்னே சிவப்பு நிறப் பெருக்கல் குறி தோன்றினால், அவ்வரிக்குத் தேர்ந்தெடுத்த அமைப்பில் இடமில்லை என்பது பொருள். அவ்வரி பலகத்தில் இருந்தாலும் படத்தில் வராது. வேறோர் அமைப்பை மாற்றிப் பார்ப்பதும், வரிகளைக் குறைப்பதும் அதற்கு வழிகள்.

உங்களுக்குத் தெரியுமா?

ஸ்மார்ட்ஆர்ட் வசதி மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2007 பதிப்பில் அறிமுகமானது. வேர்டு, எக்செல் ஆகியவற்றிலும் அது உண்டு. எனினும், ஏற்கெனவே எழுதிய பட்டியலை ஒரே சொடுக்கில் படமாக்கும் Convert to SmartArt பொத்தான் பவர்பாயிண்டில் உள்ளது. வேர்டில் முதலில் படத்தைச் செருகி, பட்டியலை வெட்டி எடுத்து உரைப்பலகத்தில் ஒட்ட வேண்டும்.

படத்தின் உயிர் பட்டியலில்

இந்நிலையில் படம் இன்னும் ஒரு பட்டியல்தான். அம்புக்குறிகளை யாரும் வரையவில்லை. வரிகளின் வரிசையிலிருந்து அவை பிறக்கின்றன. உரைப்பலகத்தில் ஒரு வரியை மேலே நகர்த்தினால் பெட்டியும் நகரும். Enter விசையை அழுத்திப் புதிய வரி எழுதினால் புதிய பெட்டியும் அதற்குரிய அம்புக்குறியும் தோன்றும். மற்றவை விலகி இடம் தரும். ஒரு வரியை நீக்கினால் இடைவெளி தானாக நிரம்பும். சொற்களும் வரிசையும் இன்னும் முடிவாகாத நிலையில் இதைவிட வசதியான கருவி இல்லை.

நிறத்தை மாற்ற வேண்டும், ஒரு பெட்டியை மட்டும் பெரிதாக்க வேண்டும், செவ்வகத்தை வட்டமாக்க வேண்டும் என்பன போன்ற தேவைகளுக்காகப் படத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. அவற்றை ஸ்மார்ட்ஆர்ட்டாக இருக்கும்போதே செய்யலாம். ஒரு பெட்டியைத் தேர்ந்து Format தாவலில் உள்ள Larger, Change Shape ஆகியவற்றைப் பயன்படுத்தினால் போதும். அழகுக்காகப் பிரிப்பவர், பட்டியலின் வசதியைக் காரணமின்றி இழக்கிறார்.

படம் பொய் சொல்லும் இடம்

மாணவியின் படம் இப்போது தெளிவாக இருக்கிறது. ஏரித் தொடர், சதுப்புநிலம், மடுவு, கால்வாய், கழிமுகம் என ஒரே கோட்டில் நீர் செல்கிறது. வகுப்புத்தோழி ஒருவர், தம் வீடு இருக்கும் ஆதம்பாக்கத்து நீர் இந்தப் படத்தில் எங்கே என்று கேட்கிறார். கேள்வி சரியானதே. ஆதம்பாக்கம் ஏரியின் மிகுநீர் செம்பாக்கம் வழியாக வருவதில்லை. வீராங்கல் ஓடை வழியாக வேறொரு பக்கத்திலிருந்து அதே சதுப்புநிலத்தை அடைகிறது. இவ்வாறு முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் நீர் பல திசைகளிலிருந்து பள்ளிக்கரணைக்கு வந்து சேர்கிறது. வெளியேறுவதற்கான முதன்மை வழியோ ஒக்கியம் மடுவு. பல வழிகளில் புகுந்து குறுகிய வழியில் வெளியேறுவதே இப்பகுதி வெள்ளத்தைப் புரிந்துகொள்ள அறிய வேண்டிய முதற்செய்தி. ஒற்றைக் கோட்டுப் படத்தில் அது மறைந்துபோகிறது.

இரண்டாவது செய்தியும் மறைகிறது. கடலில் ஓதம் உயர்ந்திருக்கும் வேளையில் கழிமுகத்தில் நீர் எளிதில் வடிவதில்லை. அப்போது கால்வாயில் நீர் தேங்கி, அதன் விளைவு மேற்புறம் உள்ள மடுவையும் சதுப்புநிலத்தையும் எட்டுகிறது. படத்தின் கடைசிப் பெட்டியிலிருந்து பின்னோக்கி ஒரு குறி இருந்தால்தான் இதைச் சொல்ல முடியும். Basic Process அமைப்பில் அம்புக்குறிகள் அடுத்த பெட்டியை நோக்கி மட்டுமே செல்லும்.

மூன்றாவதாகத் தலைப்பும் கவனத்திற்குரியது. ‘தாம்பரத்து மழைநீர் செல்லும் பாதை’ என்று தலைப்பிட்டால் அது பிழையாகும். தாம்பரத்தின் மேற்கே முடிச்சூர் பக்கத்து நீர் அடையாற்றுக்குச் செல்கிறது, பள்ளிக்கரணைக்கு வருவதில்லை. இந்தப் பிழையைத் திருத்தப் படத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. ‘செம்பாக்கம் ஏரியின் மிகுநீர்ப் பாதை’ என்று தலைப்பைக் குறுக்கினால் போதும்.

ஆக, பிரிக்க வேண்டுமா என்பதை முடிவு செய்யும் கேள்வி ஒன்றே: சொல்ல வேண்டிய உண்மை, ஒரு பட்டியலின் வரிசைக்குள் அடங்குமா? அடங்குமெனில் ஸ்மார்ட்ஆர்ட்டே போதும். கிளை சேர்தல், பின்னோக்கித் திரும்புதல், ஓரிடத்தில் பல அம்புகள் கூடுதல் ஆகியவை தேவைப்பட்டால் பட்டியல் அதனைத் தாங்காது. அப்போது வடிவங்களாக மாற்றுவதே முறை.

வடிவங்களாக மாற்றுதல்

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு படியைப் பாதுகாப்பதாகும். இடப்பக்கம் உள்ள வில்லைகளின் வரிசையில் அந்த வில்லையைத் தேர்ந்து Ctrl+D அழுத்தினால் அதன் நகல் கிடைக்கும். மூல வில்லையை வலச்சொடுக்கி Hide Slide கொடுத்தால், காட்சியின்போது அது தோன்றாது. கோப்பில் மட்டும் இருக்கும். இந்த முன்னெச்சரிக்கை ஏன் தேவை? வடிவங்களாக மாறிய படத்திற்கு உரைப்பலகம் இல்லை. கோப்பை மூடித் திறந்தபின் Ctrl+Z உதவாது; மறுபடியும் பட்டியலிலிருந்தே தொடங்க வேண்டும்.

நகலில், படத்தின் வெளிவிளிம்பைச் சொடுக்க வேண்டும். SmartArt Design தாவலின் வலக்கோடியில் Reset என்னும் பகுதி உண்டு. அங்குள்ள Convert பொத்தானில் இரு தேர்வுகள் இருக்கும். Convert to Text படத்தை மீண்டும் பட்டியலாக்கும். Convert to Shapes வடிவங்களாக்கும். இரண்டாவதைத் தேர்ந்தபின் திரையில் எதுவுமே மாறாததுபோல் தோன்றும். மாற்றம் நிகழ்ந்ததை அறிய ஓர் அடையாளம் உண்டு: படத்தைச் சொடுக்கினால் SmartArt Design தாவல் இனி வராது, Shape Format தாவல் மட்டுமே வரும்.

வடிவங்கள் முதலில் ஒரே தொகுதியாகக் கட்டப்பட்டிருக்கும். Ctrl+Shift+G அழுத்தினால் கட்டு அவிழும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஒரு பெட்டியை இழுத்தால் பெட்டி மட்டும் நகர்கிறது. அம்புக்குறி பழைய இடத்திலேயே நிற்கிறது. Basic Process படத்தின் அம்புக்குறிகள் பெட்டிகளோடு ஒட்டிய கோடுகள் அல்ல. அவையும் தனித்த வடிவங்களே. முன்பு பட்டியல் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தது. இப்போது அப்பிடிப்பு இல்லை.

எனவே பழைய அம்புக்குறிகளை நீக்கிவிட்டு, இணைப்புக்கோடுகளை இட வேண்டும். Insert தாவலில் Shapes பொத்தானை அழுத்தி, Lines என்னும் பகுதியில் அம்புமுனை உடைய ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்கலாம். நேர்வழிக்கு நேர்கோடு, திரும்பிச் செல்லும் வழிக்கு Connector: Elbow Arrow என்னும் முழங்கைக் கோடு. சுட்டியைப் பெட்டியின் அருகே கொண்டுசென்றால் விளிம்புகளில் சிறு புள்ளிகள் தோன்றும். ஒரு பெட்டியின் புள்ளியில் அழுத்தி, மறுபெட்டியின் புள்ளிவரை இழுத்து விட வேண்டும். கோட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் இரு முனைகளும் பச்சை நிறமாக இருந்தால் அது ஒட்டிக்கொண்டது. இல்லையெனில் வெறுமனே அருகில் கிடக்கிறது. பெட்டியைச் சற்று நகர்த்திப் பார்ப்பதே உறுதியான சோதனை.

மாணவியின் படத்தில் இனி மூன்று வேலைகள் உள்ளன. முதலாவதாக, ஒரு பெட்டியை Ctrl+D கொண்டு இருமுறை நகலெடுத்து, ‘ஆதம்பாக்கம் ஏரி’, ‘வீராங்கல் ஓடை’ என எழுதிச் சதுப்புநிலத்தின் மேலே வைக்கிறார். ஓடையிலிருந்து சதுப்புநிலத்தின் மேல்விளிம்புக்கு ஓர் இணைப்புக்கோடு இறங்குகிறது. இரண்டாவதாக, கழிமுகத்தின் கீழ்விளிம்பிலிருந்து கால்வாயின் கீழ்விளிம்புக்கு ஒரு முழங்கைக் கோட்டை இட்டு, Shape Outline பட்டியில் Dashes வழியாக அதை விட்டுவிட்டு வரும் கோடாக மாற்றுகிறார். அருகில் ‘உயர் ஓதத்தில் வடிகால் தடை’ என்று எழுதுகிறார். தொடர்கோடு நீரின் இயல்பான ஓட்டம். விட்டுவிட்டு வரும் கோடு சில வேளைகளில் மட்டும் நேர்வது. மூன்றாவதாக, பெட்டிகளைத் தேர்ந்து Align பட்டியில் உள்ள Align Middle, Distribute Horizontally ஆகியவற்றால் வரிசைப்படுத்துகிறார். முன்பு தானாக நடந்த இந்த ஒழுங்கு, இப்போது கையால் செய்ய வேண்டியதாகிறது. இறுதியில் அனைத்தையும் தேர்ந்து Ctrl+G அழுத்தி ஒரே தொகுதியாகக் கட்டுகிறார்.

விலையும் வேளையும்

வடிவங்களாக மாற்றுவதற்கு ஒரு விலை உண்டு. மறுநாள் ‘கழிமுகத்துக்குப் பின் கடலையும் ஒரு பெட்டியாகக் காட்டுக’ என்று ஆசிரியர் சொன்னால், ஸ்மார்ட்ஆர்ட்டில் அது ஒரு வரி. வடிவப் படத்திலோ ஐந்து பெட்டிகளையும் சுருக்கி நகர்த்தி, புதிய பெட்டி வைத்து, கோடு இழுத்து, மறுபடி வரிசைப்படுத்த வேண்டும். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்படி முன்பு அசைவூட்டம் அமைத்திருந்தால், அதனையும் ஒவ்வொரு வடிவத்திற்கும் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். ஆகவே சொற்கள், எண்ணிக்கை, வரிசை ஆகிய மூன்றும் முடிவானபின் மாற்றுவதே சிக்கனம்.

படம் வேறொரு மென்பொருளில் திறக்கப்படவிருந்தால், அதுவும் மாற்றத்திற்குரிய ஒரு காரணமாகும். லிப்ரெஆபீஸ் இம்ப்ரெஸ் மென்பொருளில் ஸ்மார்ட்ஆர்ட்டைப் பட்டியல்வழித் திருத்தும் வசதி இல்லை. அங்கு அது வடிவங்களாகவே வந்து சேரும், சில வேளைகளில் பெட்டிகளும் எழுத்துகளும் இடம் பெயர்ந்து நிற்கும். வீட்டில் ஒரு மென்பொருளும் பள்ளியில் வேறொன்றும் பயன்படுத்துவோர், முன்னரே வடிவங்களாக மாற்றி ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மாணவியின் கோப்பில் இப்போது இரண்டு வில்லைகள் இருக்கின்றன. மறைந்திருப்பது திருத்துவதற்கு, தெரிவது சொல்வதற்கு. ஆதம்பாக்கத்துத் தோழி தம் ஏரியைப் படத்தில் காண்கிறார். அங்கிருந்து இறங்கும் கோடும் செம்பாக்கத்திலிருந்து வரும் கோடும் ஒரே சதுப்புநிலத்தில் கூடுவதையும், அங்கிருந்து ஒரு கோடு மட்டுமே வெளியேறுவதையும் வகுப்பு முழுவதும் காண்கிறது.

தெரிந்து தெளிவோம்

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கை, 1971இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஏற்பட்டதால் அப்பெயர் பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஏரி நிறைந்தால் நீர் எங்கே செல்கிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. அதனை ஸ்மார்ட்ஆர்ட் படமாக்கி, கிளைகள் இருப்பின் வடிவங்களாக மாற்றி வகுப்பில் காட்டுக.

2. புதிய குடும்ப அட்டைக்கு விண்ணப்பிப்பதிலிருந்து பெறுவதுவரை உள்ள நிலைகளை எழுதுக. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டால் அது எந்நிலைக்குச் செல்லும்? அதனைக் காட்ட எவ்வகைப் படம் ஏற்றது எனக் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. ஸ்மார்ட்ஆர்ட் உரைப்பலகத்தில் ஒரு வரியை உட்பிரிவாக்கும் விசை
அ) Enter ஆ) Tab இ) Shift+Tab ஈ) Ctrl+G

2. படம் வடிவங்களாக மாறிவிட்டதை உணர்த்தும் அடையாளம்
அ) பெட்டிகளின் நிறம் மாறுதல் ஆ) எழுத்து சிறுத்தல் இ) SmartArt Design தாவல் தோன்றாமை ஈ) சிவப்புப் பெருக்கல் குறி தோன்றுதல்

குறுவினா

1. ஒரு நீண்ட சொல் எல்லாப் பெட்டிகளின் எழுத்தையும் சிறுக்கச் செய்வது ஏன்?
2. இணைப்புக்கோடு பெட்டியோடு ஒட்டியுள்ளதை எவ்வாறு அறியலாம்?

சிறுவினா

1. வடிவங்களாக மாற்றுமுன் வில்லையின் நகலைப் பாதுகாப்பதன் தேவையை விளக்குக.
2. நிறமும் அளவும் மாற்றுவதற்காக ஸ்மார்ட்ஆர்ட்டைப் பிரிக்க வேண்டியதில்லை என்பதை நிறுவுக.

நெடுவினா

1. செம்பாக்கம் ஏரியின் மிகுநீர்ப் பாதையை ஒற்றைக் கோட்டுப் படமாகக் காட்டும்போது மறையும் உண்மைகள் எவை? அவற்றைப் படத்தில் கொண்டுவரும் முறையைத் தொகுத்து எழுதுக.